பல்லில் குற்றமில்லாத பல்வலி: முகத்தில் சுரீரென்று பாயும் நரம்பு வலி

மின்விசிறியின் காற்று கன்னத்தில் பட்டதும், முதல் கவளத்தை மெல்லத் தொடங்கியதும், சில சமயம் ஒரு சொல்லை உச்சரிக்க உதடு அசைந்ததுமே, முகத்தின் ஒரு பாதியில் மின்சாரம் பாய்ந்தது போல ஒரு வலி வெட்டிச் சென்று, ஓரிரு நொடிகளில் அடியோடு நின்றுவிடுகிறது. வந்த வேகத்திலேயே போய்விடுவதால், நடந்தது என்ன என்று வலித்தவருக்கே உடனே விளங்குவதில்லை. வலி தாடையிலோ மேல் ஈறிலோ வெட்டியதாகத் தோன்றுவதால், அவர் முதலில் தேடிப் போவது பல் மருத்துவரையே. அதில் தவறும் இல்லை. முகவலிக்குக் காரணம் பெரும்பாலும் பல்தான். ஆனால் இந்தக் குறிப்பிட்ட வகை வலி பல்லில் பிறப்பதில்லை. முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டு செல்லும் முக்கிளை நரம்பில், அதுவும் முகத்திலிருந்து வெகுதூரம் உள்ளே, மூளைத்தண்டுக்கு அருகில் பிறக்கிறது. மருத்துவர்கள் இதை ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்கிறார்கள். நல்ல நிலையில் இருந்த பற்கள் இதற்காக ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கப்பட்ட கதைகள் இந்த நோயின் வரலாறு முழுவதும் உண்டு.

இரண்டு வலிகளும் ஒரே கம்பியின் வழியாக மூளைக்குச் செல்வதுதான் இந்தக் குழப்பத்துக்கு அடிப்படை. முக்கிளை நரம்பு முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றாக, மூன்று கிளைகளாகப் பிரிகிறது. முதல் கிளை நெற்றியையும் கண்ணையும் சார்ந்தது. இரண்டாவது கன்னம், மூக்கின் ஓரம், மேலுதடு, மேல் ஈறு, மேல் பற்கள் ஆகியவற்றுக்கும், மூன்றாவது கீழ்த்தாடை, கீழுதடு, மோவாய், கீழ்ப் பற்கள் ஆகியவற்றுக்கும் போகின்றன. நரம்பு வலி பெரும்பாலும் தாக்குவது இந்த இரண்டாவது, மூன்றாவது கிளைகளை. முதல் கிளை மட்டும் தனியாகத் தாக்கப்படுவது அரிது. அதாவது, எந்த இரண்டு கிளைகள் பற்களுக்குச் செல்கின்றனவோ, அதே இரண்டு கிளைகளில்தான் இந்த வலியும் ஓடுகிறது. மேல் கடவாய்ப் பல்லிலிருந்து வந்த செய்தியா, வழியில் நரம்பே தானாக எழுப்பிய செய்தியா என்று மூளையால் பிரித்தறிய முடிவதில்லை. வந்தது எந்தக் கம்பியில் என்பதை மட்டும் பார்த்து, அந்தக் கம்பி முடியும் இடத்தில் வலிப்பதாக அது காட்டிவிடுகிறது. ஆகவே, “இந்தப் பல்தான் வலிக்கிறது” என்று நோயாளி விரல் வைத்துக் காட்டுவதை முழுச் சான்றாகக் கொள்ள முடியாது.

பல்வலி எப்படி உண்டாகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்த்தால், வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்பது தெரியும். எனாமலுக்கு அடியில் உள்ள பல்திசுவில், கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் திரவம் நிரம்பியிருக்கிறது. எனாமல் தேய்ந்தோ, ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரிந்தோ போகும்போது, குளிர்ந்த நீர் அல்லது வாய்க்குள் இழுக்கும் காற்று பட்டால் அந்தத் திரவம் அசைகிறது. உட்புறத்தில் உள்ள நரம்பு முனைகள் சுரீரென்று விழித்துக்கொள்கின்றன. இதுவே பல் கூச்சம். குளிர் விலகியதும் இதுவும் நின்றுவிடும். சொத்தை உள்ளே இறங்கிப் பல்லின் நடுவிலிருக்கும் பற்கூழ் வீங்கத் தொடங்கினால் வலியின் குணம் மாறுகிறது. குளிர் பட்டு எழுந்த வலி குளிர் போன பிறகும் நிமிடக்கணக்கில் நீடிக்கிறது. காரணமே இல்லாமல் எழுகிறது. விண் விண் என்று தெறிக்கிறது. படுத்தால் கூடி, இரவில் தூக்கத்தைக் கலைக்கிறது. கடினமான சுவர்களுக்குள் அடைபட்ட பற்கூழுக்கு வீங்குவதற்கு இடமில்லை என்பதே இதற்குக் காரணம். வீக்கம் வேர் நுனியைக் கடந்து எலும்புக்கு வந்துவிட்டால், அந்தப் பல்லை மெல்லத் தட்டினாலே வலிக்கும். மேலும் கீழும் பல் சேரும்போது அந்த ஒரு பல் உயர்ந்து நிற்பது போலவும் தோன்றும்.

நரம்பு வலியின் பிறப்பிடம் இவை எதுவும் அல்ல. முக்கிளை நரம்பு மூளைத்தண்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்பாக, அதன் மேலுறை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறும் குறுகிய பகுதி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான நோயாளிகளிடம், அந்த இடத்தில் ஓர் இரத்தக்குழாய் நரம்பின் மீது சாய்ந்து கிடப்பதைக் காணமுடிகிறது. சிறுமூளையின் மேற்பகுதிக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியே பெரும்பாலும் அந்தக் குழாய். அது துடிக்கும்போதெல்லாம் நரம்பைத் தட்டித் தட்டி, ஆண்டுக்கணக்கில் மேலுறையைத் தேய்த்துவிடுகிறது. உறை போன கம்பிகள் ஒன்றையொன்று தொடும்போது மின்கசிவு ஏற்படுவது போல, தொடுதலைச் சொல்லும் இழைகளில் ஓடும் சமிக்ஞை, வலியைச் சொல்லும் இழைகளுக்குத் தாவுகிறது. இலேசான தொடுகையும் அசைவும் குளிர்ந்த காற்றும் கொடூரமான வலியாக உணரப்படுவதற்கு இதுவே விளக்கம். வயதாக ஆகத் தமனிகள் நீண்டு வளைவதும் இதற்கு உதவுகிறது. நோய் பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களிடம், ஆண்களைவிடப் பெண்களிடம் சற்று அதிகமாகக் காணப்படுகிறது. சிறுபான்மையினரிடம் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்னும் நரம்புறைச் சிதைவு நோயோ, நரம்பை அழுத்தும் கட்டியோ காரணமாக இருக்கும்.

இந்தக் கசிவிலிருந்துதான் நோயின் அடையாளங்கள் எல்லாம் கிளம்புகின்றன. தலைவலி வகைப்பாட்டுக்கான சர்வதேச வரையறைப்படி, ஒவ்வொரு தாக்குதலும் ஒரு நொடியின் சிறு பகுதியிலிருந்து அதிகபட்சம் 2 நிமிடம் வரை நீடிக்கிறது. வலி முகத்தின் ஒரே பக்கத்தில், அந்த நரம்பின் எல்லைக்குள் இருக்கிறது. சாதாரண நிலையில் யாருக்கும் வலியைத் தராத ஒரு தூண்டல்தான் அதைக் கிளப்புகிறது. தொடர்ந்து பல தாக்குதல்கள் வந்து, பிறகு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ, சிலருக்கு ஆண்டுக்கணக்கிலோ முற்றிலும் மறைந்துவிடுவதும் உண்டு. இந்த மறைவு பின்னால் ஒரு பெரிய பிழைக்குக் காரணமாகிறது என்பதால், அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வேறுபாட்டை அறிய மிகவும் பயன்படும் கேள்வி, “எங்கே வலிக்கிறது?” என்பதைவிட, “எதைத் தொட்டால் வலிக்கிறது?” என்பதே என்று எனக்குத் தோன்றுகிறது. பல்வலியில் தூண்டுதல் பல்லின் மீதே விழ வேண்டும். குளிர்ந்த நீர் பல்லில் படவேண்டும். கடிக்கும் அழுத்தம் பல்லில் விழவேண்டும். கன்னத்தின் வெளிப்புறத்தில் காற்று வீசினால் சொத்தைப் பல் வலிப்பதில்லை. நரம்பு வலியிலோ, மூக்கின் ஓரத்திலிருந்து உதட்டு மூலை வரை இறங்கும் மடிப்பிலோ, மேலுதட்டிலோ, மோவாயிலோ ஒரு காசளவு இடம் தூண்டுபுள்ளியாகிவிடுகிறது. அங்கே ஒரு மயிர் உரசினாலும், துவாலை பட்டாலும், சவரக்கத்தி நகர்ந்தாலும் வலி பாய்கிறது. அந்தப் புள்ளியும் வலிக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதுகூட இல்லை. மேலுதட்டைத் தொட்டால் கடவாய்ப் பல்லில் வெட்டலாம். மெல்லும்போது வரும் வலியிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். கெட்ட பல்லுள்ளவர், அந்தப் பக்கத்தை விட்டு மறுபக்கத்தில் மென்று தப்பித்துவிடுவார். நரம்பு வலியுள்ளவருக்கு மறுபக்கத்தில் மென்றாலும் உதடும் கன்னமும் அசைவதால் வலி வரும். கூழைப் போல மென்மையான உணவிலும் வரும். வாயில் எதுவும் இல்லாமல் பேசினாலும் வரும்.

அவர்கள் முகத்தை வைத்திருக்கும் விதமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பல்வலிக்காரர் கன்னத்தில் கையை அழுத்தி உட்கார்ந்திருப்பார். அழுத்தமும் வெதுவெதுப்பும் அவருக்குச் சற்று இதம் தருகின்றன. நரம்பு வலிக்காரர் கையை முகத்துக்கு முன்னால் காவலாக வைத்திருப்பார், ஆனால் தோலைத் தொடவிட மாட்டார். ஆண்களில் சிலர் அந்த ஒரு இடத்தில் மட்டும் சவரம் செய்யாமல் விட்டிருப்பார்கள். பல் துலக்கவும் பயந்து அந்தப் பக்கத்தைத் தவிர்ப்பதால், அங்கே அழுக்குப் படிந்து, உண்மையிலேயே சொத்தையும் ஈறு வீக்கமும் வந்துவிடுவதும் உண்டு. நரம்பு வலியைத் தேடிப் போகும் மருத்துவரின் கண்ணில் இப்போது ஒரு கெட்ட பல் படுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பதை மறந்துவிட்டால், பல்லுக்கு முழுப் பழியும் போய்ச் சேரும்.

பல நோயாளிகளிடம் தொடர்ந்து காணப்படும் போக்கைச் சேர்த்து, ஒரு மாதிரிக் கதையைப் படிப்படியாகப் பார்ப்போம். 58 வயதுப் பெண் ஒருவர். வலப்பக்க மேல்வரிசையில் இரண்டாம் சிறுகடவாய்ப் பல்லில் சுரீரென்று வலிக்கிறது என்று வருகிறார். அந்தப் பல்லில் பழைய நிரப்புதல் ஒன்று இருக்கிறது. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் பல் மருத்துவர் சந்தேகத்தைத் தீர்க்க, அந்தப் பல்லின் அருகே, இடத்தை மரத்துப்போகச் செய்யும் மரப்பூசி போடுகிறார். ஊசி போட்டதும், எதையாவது மென்று பார்க்கச் சொன்னால் வலி வரவில்லை. ஆகவே பல்தான் குற்றவாளி என்ற முடிவுக்கு வந்து, வேர் சிகிச்சை செய்யப்படுகிறது. ஐந்து வாரம் வலி இல்லை. பிறகு திரும்ப வருகிறது. இம்முறை பக்கத்துப் பல் சந்தேகத்துக்குள்ளாகிப் பிடுங்கப்படுகிறது. இரண்டு மாதம் நிம்மதி. அதன்பின் பல்லே இல்லாத வெற்று ஈறில் வலி வெட்டுகிறது.

இந்தக் கதையில் இரண்டு இடத்தில் சான்று தவறாகப் படிக்கப்பட்டது. முதலாவது மரப்பூசி. மேலீறில் போடும் ஊசி பல்லை மட்டும் மரக்கச் செய்வதில்லை. அதனருகே உள்ள உதடும் ஈறும் மரத்துப் போகின்றன. தூண்டுபுள்ளி அந்த எல்லைக்குள் இருந்தால், தூண்டுதல் மூளைக்குப் போகாது. எனவே நரம்பு வலியும் அப்போது எழாது. ஊசியில் வலி நின்றது என்பதால் “வலியைக் கிளப்பும் இடம் இந்தப் பகுதியில் இருக்கிறது” என்று மட்டுமே சொல்ல முடியும். “வலியின் காரணம் பல்லில் இருக்கிறது” என்று சொல்ல முடியாது. இரண்டாவது பிழை, ஐந்து வார நிம்மதி. நரம்பு வலி தானாகவே மறைந்து திரும்பும் நோய் என்பதால், ஒரு வலிக்காலம் முடியும் தறுவாயில் செய்யப்படும் எந்தச் சிகிச்சையும் வெற்றி பெற்றதாகவே தோன்றும். நோயாளி பொறுக்கமுடியாமல் மருத்துவரிடம் ஓடுவது வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு இறக்கம் வருவது இயல்பு. அந்த இறக்கத்துக்கு உரிமை கொண்டாடப் பல் முந்திக்கொள்கிறது.

அடுத்து அவர் பார்க்கும் மருத்துவர் வேறு வழியில் போகிறார். ஒவ்வொரு பல்லிலும் குளிர்ச்சி வைத்துப் பார்க்கிறார். எல்லாம் சாதாரணமாகப் பதில் தருகின்றன, குளிரை எடுத்ததும் உணர்வு அடங்கிவிடுகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தட்டுகிறார், வலி இல்லை. ஒரு சிறு குச்சியைக் கடிக்கச் சொல்லி விடச் சொல்கிறார்; விரிசல் விட்ட பல் இருந்தால், கடிக்கும்போதைவிட விடும்போது சுரீரென்று வலிக்கும், அதுவும் இல்லை. பிறகு பஞ்சு நுனியால் மூக்கோரத்தை வருடுகிறார். பெண்ணின் முகம் கோணி, கண் மூடி, வலி வெட்டிச் செல்கிறது. உடனே அதே இடத்தை மறுபடி வருடினால் எதுவும் நடக்கவில்லை. ஒரு தாக்குதல் முடிந்ததும் சில நொடிகள், சிலருக்குச் சில நிமிடங்கள், அந்தப் புள்ளி ஓய்ந்து கிடக்கும். அடுத்தடுத்துத் தொட்டும் வலி எழாத இந்த இடைவெளியைக் கெட்ட பல் தருவதில்லை. இரவில் எப்படி என்று கேட்கிறார். தூங்கிவிட்டால் பெரும்பாலும் தொந்தரவில்லை, தலையணையில் புரண்டு முகம் உரசினால் மட்டும் விழிப்பு வரும் என்கிறார் அந்தப் பெண். இரவில் ஓய்வாகப் படுக்கும்போது கூடுவது பற்கூழின் வழக்கம். இது அதற்கு நேரெதிராக இருக்கிறது.

கூடவே எளிதில் தப்பிவிடும் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிலரிடம் இந்த நோய் சுரீர் வலியாகத் தொடங்குவதே இல்லை. தொடக்கத்தில் மாதக்கணக்கில் ஒரு மந்தமான, குடையும் பல்வலி போலவே இருந்து, பிறகு ஒரு நாள் முழு வடிவம் எடுக்கிறது. அந்த முதல் நிலையில் எவ்வளவு திறமையான மருத்துவரும் தவறக்கூடும். ஆகவே ஒரு பல் மருத்துவர் சரியான காரணம் தெரியாத பல்வலிக்கு உடனடியாகப் பல்லைப் பிடுங்க மறுத்து, “சில வாரம் பார்ப்போம்” என்று சொன்னால், அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். பிடுங்கிய பல்லைத் திருப்பி வைக்க முடியாது.

முகத்தில் ஒரு பக்கம் வலிக்கும் வேறு சில நிலைகளையும் ஒதுக்கிப் பார்க்க வேண்டும், ஆனால் அவற்றில் ஒன்றை மட்டும் தனித்துச் சொல்ல வேண்டும். 50 வயதைக் கடந்தவருக்கு, மெல்லத் தொடங்கியதுமே வலிக்காமல், தொடர்ந்து மென்றுகொண்டிருக்கும்போது தாடை சோர்ந்து வலித்து, மெல்லுவதை நிறுத்தினால் ஆறி, அதனுடன் புதிதாகத் தலைவலியும் நெற்றிப்பொட்டில் தொட்டால் வலியும் பார்வைக் குறைவும் சேர்ந்தால், அது தலைத் தமனிகளின் அழற்சியாக இருக்கலாம். சிகிச்சை தாமதமானால் கண்பார்வை போய்விடும் என்பதால், அது அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை.

நரம்பு வலி என்று ஐயப்பட்டபின் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் முதல் நோக்கம், கட்டியும் நரம்புறைச் சிதைவும் இல்லை என்று உறுதி செய்துகொள்வது; தமனி சாய்ந்திருப்பதைக் காண்பது அடுத்தது. முகத்தில் மரத்துப்போன இடம், ஒரு காதில் கேட்கும் திறன் குறைதல், இரு பக்கமும் வலி, 40 வயதுக்குள் தொடக்கம் ஆகியவை அந்த ஸ்கேனை அவசரமாக்குகின்றன. நம் மாதிரிப் பெண்ணுக்கு, மூளைத்தண்டின் அருகில் தமனி நரம்பை அழுத்துவது தெரிந்தது. ஆனால் தமனி தொட்டிருப்பதை மட்டும் வைத்து நோய் முடிவாவதில்லை. வலியே இல்லாதவர்களிலும் அந்தத் தொடுகை தென்படுவதுண்டு. முடிவைத் தருவது வலியின் குணமே. படம் அதற்குத் துணை.

முதல் மருந்து கார்பமசெபைன், 1960களிலிருந்து இந்த வலிக்குப் பயன்பட்டுவரும் வலிப்புநோய் மருந்து. சாதாரண வலிநிவாரணிகள் பல்வலியைச் சிறிதாவது அடக்கும். இந்த வலியை அவை ஏறத்தாழத் தொடுவதே இல்லை. அதுவும் ஓர் அடையாளம்தான். கார்பமசெபைன் மருத்துவரின் கண்காணிப்பில் சிறிய அளவில், பெரும்பாலும் ஒரு வேளைக்கு 100 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை என்று தொடங்கி, வலி அடங்கும் வரை படிப்படியாகக் கூட்டப்படுகிறது. தொடக்கத்தில் பெரும்பாலானோருக்கு நல்ல பலன் தெரிகிறது. தலைசுற்றல், தூக்கக் கலக்கம், தள்ளாட்டம் ஆகியவை பலருக்கு வரும். முதியோரின் இரத்தத்தில் சோடியம் குறையலாம் என்பதால் அவ்வப்போது பரிசோதனை தேவை. தொடங்கிய முதல் சில வாரங்களில் தோலில் தடிப்போ, வாயில் புண்ணோ, காய்ச்சலோ தோன்றினால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரிதாக அது தோல் உரியும் ஆபத்தான எதிர்வினையின் தொடக்கமாக இருக்கும். குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பன்மடங்கு அதிகம், ஆசிய வம்சாவளியினரிடம் அந்த வகை கூடுதலாகக் காணப்படுகிறது என்பதால், சில மருத்துவர்கள் மருந்துக்கு முன்பே அதற்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்பார்கள்.

மருந்து பலனிழந்தாலோ தாங்கமுடியாமல் போனாலோ அறுவைச் சிகிச்சை வருகிறது. அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர் பீட்டர் ஜனெட்டா 1960களின் பிற்பகுதியில் செப்பனிட்ட முறையில், காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சிறு துளையிட்டு, அழுத்தும் தமனியை நரம்பிலிருந்து விலக்கி இடையில் டெஃப்லான் பஞ்சுத் துண்டு வைக்கப்படுகிறது. 10 ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறத்தாழ 10 பேரில் 7 பேர் வலியின்றி இருப்பதாகப் பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியிருக்கிறது. அந்த அறுவைச் சிகிச்சையைத் தாங்கும் உடல்நிலை இல்லாதவர்களுக்கு, கன்னத்தின் வழியே ஊசியை நுழைத்து நரம்பைச் சூடாக்கியோ பலூனால் அழுத்தியோ, அல்லது குவித்த கதிர்வீச்சைச் செலுத்தியோ வலியைக் குறைக்கிறார்கள். இவை நரம்பைச் சற்றுச் சேதப்படுத்தியே பலன் தருவதால், அந்தப் பகுதி மரத்துப் போவது அதன் விலை. கதிர்வீச்சில் பலன் தெரியச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும்.

மாதிரிக் கதையில் அந்தப் பெண் அறுவைக்குப் போகவில்லை. நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் கார்பமசெபைனில் வலி நின்றது. இரண்டு மாதம் கழித்துப் பல் மருத்துவரிடம் வந்து, வேர் சிகிச்சை செய்யப்பட்ட பல்லுக்கு உறை போட்டுக்கொண்டார். பிடுங்கிய பல்லின் இடத்தில் செயற்கைப் பல் வைக்கலாமா என்று கேட்டபோது, மெல்லும்போதும் துலக்கும்போதும் வலி வருவது முழுமையாக நின்று சில மாதங்கள் ஆகட்டும் என்று மருத்துவர் காத்திருக்கச் சொன்னார்.